பத்துப் பேர் எழுதினாலும் ஒரே குரல்
(சிறு நிறுவனங்கள் நடத்துவோர் கூடிய அவையில், கொல்லங்கோட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறிய விஷயம். ஒரு சின்னக் கம்பெனியில் ஐந்து பேர் எழுதுகிறார்கள். லேபிளில் ஒருவர், பில்லில் ஒருவர், வாட்ஸ்அப்பில் ஒருவர், இன்ஸ்டாகிராமில் ஒருவர், புகாருக்குப் பதில் எழுத ஒருவர். ஐந்து பேர் எழுதுவதும் ஒரே ஆள் எழுதியது போல வாடிக்கையாளருக்குக் கேட்க வேண்டும். அதற்கு என்ன செய்வது? அதற்கான கையேட்டில் என்ன எழுதுவது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு தொழிலையே எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் முதலமடை இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளில் மா பூத்து நிற்கும்போதே அங்கே காய் இறங்கத் தொடங்கிவிடும். அங்கிருந்து பழத்தைப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்கே அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு அம்மா 3 கிலோ பெட்டி ஒன்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு பெட்டிக்காக அவருக்கு என்னென்ன எழுத்து போகிறது என்று பாருங்கள்.

பணம் கட்டியதும் கணக்குப் பிரிவிலிருந்து வருகிறது: "தங்களது மேலான ஆர்டர் பெறப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." மறுநாள் பேக்கிங் ஷெட்டிலிருந்து ஒரு தம்பி போடுகிறார்: "அக்கா பாக்ஸ் டிஸ்பாட்ச் ஆயிடுச்சு, நாளைக்கு ரீச் ஆகும்." பெட்டி வந்து சேர்கிறது, மேலே லேபிள்: "இயற்கை அன்னையின் மடியில் விளைந்த தேன்சுவை மாங்கனிகள்." திறந்து பார்த்தால் நான்கு பழம் நசுங்கியிருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறார். பதில் வருகிறது: "போக்குவரத்தில் ஏற்படும் சேதங்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது."

அந்த அம்மா எத்தனை பேருடன் பேசினார்? ஒரு அரசு அலுவலருடன் பேசினார். ஒரு பக்கத்து வீட்டுத் தம்பியுடன் பேசினார். ஒரு மேடைக் கவிஞருடன் பேசினார். கடைசியில் ஒரு வக்கீலுடன் பேசினார். பழக்காரருடன் மட்டும் பேசவே இல்லை! நால்வருமே நல்லவர்கள். நால்வருமே அவரவருக்குத் தெரிந்த நல்ல தமிழில்தான் எழுதினார்கள். எப்படி எழுத வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்யவில்லை. அதனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டார்கள்.

சரி, முதலாளி ஒரு கையேடு எழுத உட்காருகிறார். முதல் வரியில் என்ன எழுதுவார்? "நம் குரல் அன்பானது, நம்பகமானது, எளிமையானது." பெரும்பாலான கையேடுகள் இந்த இடத்திலேயே தோற்றுவிடுகின்றன. ஏன் தெரியுமா? "மேலான ஆர்டர்" என்று எழுதிய கணக்காளரைக் கேளுங்கள், அன்பாகத்தான் எழுதினேன் என்பார். "டிஸ்பாட்ச் ஆயிடுச்சு" என்று எழுதிய தம்பியைக் கேளுங்கள், எளிமையாகத்தான் எழுதினேன் என்பார். இருவர் சொல்வதும் உண்மை. யாருமே மறுக்க முடியாத சொல், யாருடைய கையையும் மாற்றாது. இதையா அதையா என்று தயங்கி நிற்கும் இடத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பதுதான் விதி. அப்படி எடுத்துக் கொடுக்காத வரியை அடித்துவிடுங்கள்.

எடுத்துக் கொடுக்கும் விதி எப்படி இருக்கும்? தமிழிலேயே ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கினார். இன்று நாம் தினத்தந்தி என்று வாங்குவது அதைத்தான். ஊர் ஊராக இருக்கும் செய்தியாளர்கள் எழுதி அனுப்புவது ஒரே பத்திரிகையின் தமிழாக இருக்க வேண்டும், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும். பத்திரிகைக்காரர்களுக்காக 'இதழாளர் கையேடு' என்று ஒரு நூலே அவர் எழுதினார். அவர் வகுத்த வழியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மக்கள் பேசுகிற தமிழை எடுத்துக்கொள், அதில் கொச்சையை மட்டும் நீக்கி எழுது.

இந்த விதியை நம் பெட்டியின் மீது வைத்துப் பாருங்கள். "பெறப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எவராவது வாயால் பேசுவாரா? பேச மாட்டார், நீக்கு. "ஆயிடுச்சு" என்று பேசுவார், ஆனால் அது கொச்சை, திருத்து. "டிஸ்பாட்ச்" வேண்டுமா? "அனுப்பிவிட்டோம்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது போதும். "கூரியர்", "பில்" வேண்டுமா? மக்கள் வாயில் இருப்பதே அவைதான், இருக்கட்டும். ஒரே விதி நான்கு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது.

நம் கம்பெனியும் இதே விதியில் தொடங்கட்டும். ஆனால் ஒரு விதி போதாது. பெட்டியோடு போகும் எழுத்தில் மறுபடி மறுபடி தடுமாறும் இடங்கள் நான்கு. அந்த நான்குக்கும் முடிவு வேண்டும்.

முதல் இடம்: நாங்களா, நாமா?

கேட்பவரைச் சேர்க்காத 'நாங்கள்', கேட்பவரையும் சேர்க்கும் 'நாம்' என்று நம் மொழி இரண்டு வைத்திருக்கிறது. எழுதுகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. "நம்ம பெட்டி அடிபட்டிருக்கு" என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் என்ன பொருள்? அடிபட்டதில் அவருக்கும் பங்கு என்று ஆகிறது. பணம் கொடுத்தவர் அவர், அடுக்கியவர்கள் நாங்கள். ஆகவே விதி: கம்பெனி தன்னைச் சொல்லும்போது எப்போதும் 'நாங்கள்'. வாடிக்கையாளர் எப்போதும் 'நீங்கள்'. 'தாங்கள்' வேண்டாம், அது மனுவின் மொழி. அக்கா, அண்ணா, சார் எல்லாம் போனில் பேசும்போது தாராளமாக வரட்டும், எழுத்தில் வேண்டாம். எழுதும்போது எதிரில் இருப்பவரின் வயது தெரியாது. அறுபது வயதுக்காரரைத் தம்பி என்று அழைக்கும் ஆபத்து எழுத்தில்தான் அதிகம்.

இரண்டாவது இடம்: வினைக்கு யார் சொந்தக்காரர்?

"அனுப்பப்பட்டுள்ளது." யார் அனுப்பினார்கள்? "தாமதம் ஏற்பட்டுள்ளது." யாரால் ஏற்பட்டது? "சேதத்திற்கு வருந்துகிறோம்." யார் சேதப்படுத்தினார்கள்? இந்த வாக்கியங்களில் செய்த ஆளே இல்லை. ஆள் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பும் இல்லை என்று படிப்பவர் உடனே உணர்ந்துவிடுகிறார். ஆகவே விதி: நாங்கள் செய்ததை 'ஓம்' என்று முடிக்க வேண்டும். அனுப்பிவிட்டோம். தாமதித்துவிட்டோம். அடுக்கியதில் தவறினோம். வேறொருவர் செய்ததென்றால் அவரைச் சொல்ல வேண்டும்: "கூரியர் வண்டி இன்று கிளம்பவில்லை." கையேட்டில் இதற்கு ஒரு சோதனையும் எழுதிவையுங்கள். அனுப்பும் முன் செய்தியில் 'பட்டுள்ளது', 'ஏற்பட்டது' என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால், "யார்?" என்று கேளுங்கள். பதில் வந்துவிட்டால் வாக்கியத்தை மாற்றுங்கள். எந்தப் புதிய பணியாளரும் முதல் நாளே இதைச் செய்துவிடலாம்.

மூன்றாவது இடம்: ஒரு பழம், எத்தனை பெயர்?

இன்ஸ்டாகிராமில் தோத்தாபுரி, பில்லில் கிளிமூக்கு. ஒருவர் இமாம் பசந்து என்கிறார், இன்னொருவர் ஹிமாயுதீன் என்கிறார். சிந்தூரம் என்றும் செந்தூரம் என்றும் இரண்டு எழுத்து. வாங்குகிறவர் இவற்றை வேறு வேறு பழம் என்று நினைத்துப் போன் செய்து கேட்கிறார். ஆகவே கையேட்டின் பின்பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வேண்டும். இடப்பக்கம் நாங்கள் எழுதும் பெயர், வலப்பக்கம் நாங்கள் எழுதாத பெயர். எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது? உங்களிடம் வாங்குபவர்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்களோ அதை. எடையை "3 கிலோ" என்றே எழுதுவதா, தேதியை எப்படி எழுதுவது, "பெட்டி"யா "பாக்ஸா" என்பதெல்லாம் இதே பட்டியலில் சேரும். பட்டியலை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். எழுதுகிறவர் "இதை எப்படி எழுதுவது?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரு வரி சேரட்டும்.

நான்காவது இடம்: எதைச் சொல்லவே கூடாது?

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். உணவுப் பொருள் விற்பவருக்குக் குரல் என்பது சட்டத்தோடும் சம்பந்தப்பட்டது. ஆர்வமாக எழுதுகிற ஒரு பிள்ளை "100 சதவீதம் இயற்கை, ஆர்கானிக், மரத்திலேயே பழுத்தது" என்று ஒரே மூச்சில் எழுதிவிடும். கேட்க இனிமை. ஆனால் ஆர்கானிக் என்ற சொல்லுக்குச் சான்றிதழ் முறை இருக்கிறது. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விளம்பர விதிகள் இயற்கையானது, புதியது, தூய்மையானது, பாரம்பரியமானது போன்ற சொற்களை எப்போது சொல்லலாம் என்று வரையறுக்கின்றன. பழச்சாறு விற்பவர்கள் "100 சதவீதம் பழச்சாறு" என்று போடுவதை நீக்கச் சொல்லி 2024இல் அதே ஆணையம் உத்தரவிட்டது.

பழுக்கவைப்பதையும் பாருங்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கத் தடை உண்டு. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை, பயன்படுத்த அனுமதி உண்டு. உங்கள் ஷெட்டில் எத்திலீன் அறை இருந்தால் "மரத்திலேயே பழுத்தது" என்பது பொய். அப்படியானால் என்ன எழுதலாம்? "முற்றிய காயாகப் பறித்து எத்திலீன் அறையில் பழுக்கவைத்தோம். கார்பைடு பயன்படுத்துவதில்லை." இந்த வாக்கியத்தில் அலங்காரம் இல்லை. ஆனால் வாங்குகிற தாய் கேட்க நினைத்த கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. "தேன்சுவை மாங்கனி" சொல்லாததை இது சொல்கிறது. ஆகவே விதி: செய்ததைச் சொல், காட்ட முடியாததைச் சொல்லாதே. சொல்லக்கூடாத சொற்களைக் கையேட்டில் வெளிப்படையாக எழுதிவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்குப் பதிலாக என்ன எழுதலாம் என்பதையும் எழுதிவையுங்கள். மாற்று இல்லாத தடை யாருக்கும் நினைவில் நிற்காது.

நான்கு முடிவுகள் ஆயின. இப்போது ஒரு கேள்வி எழும். மகிழ்ச்சியான செய்திக்கும் துக்கமான செய்திக்கும் ஒரே மாதிரியா எழுதுவது? நல்ல கேள்வி. அமெரிக்காவில் மின்னஞ்சல் அனுப்பும் சேவை நடத்துகிற மெயில்சிம்ப் என்ற நிறுவனம் தன் எழுத்துக் கையேட்டை 2015இல் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. அதில் ஒரு தெளிவான பிரிவினை உண்டு: குரல் மாறுவதில்லை, தொனி மாறும். படிப்பவர் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதைப் பார்த்துத் தொனியைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கி வந்த பிள்ளையிடம் பேசுவதும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுவதும் ஒரே தொனியா? இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அம்மா என்று தெரிகிறதல்லவா?

நம் பெட்டிக்கு வருவோம். மூன்று நிலைகள், மூன்று செய்திகள்.

ஆர்டர் வந்திருக்கிறது. வாடிக்கையாளர் ஆவலாக இருக்கிறார். எழுதுவோம்: "உங்கள் ஆர்டர் கிடைத்தது. 3 கிலோ அல்போன்சா, நாளை காலை அடுக்கி அனுப்புகிறோம். இந்த வாரம் காய் நன்றாக முற்றியிருக்கிறது." கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் மகிழ்ச்சி எட்டிப் பார்க்கிறது. அது உண்மையாக இருக்கும் வாரத்தில் மட்டும் அதை எழுத வேண்டும்.

தாமதமாகிறது. வாடிக்கையாளர் காத்திருக்கிறார். எழுதுவோம்: "நேற்று மழையில் பறிக்க முடியவில்லை. உங்கள் பெட்டி வெள்ளிக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை வரும். அன்று வேண்டாமென்றால் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம்." காரணம், புதிய நாள், அவருக்கு இருக்கும் வழி. இவ்வளவுதான். மகிழ்ச்சி வாக்கியம் இங்கே கிடையாது.

பழம் நசுங்கிவிட்டது. அவர் கோபமாக இருக்கிறார். இங்கேதான் பலர் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். ஒருவர் வக்கீலாகிவிடுகிறார். இன்னொருவர் வேடிக்கையாக எழுதி நெருக்கம் காட்டப் பார்க்கிறார். நசுங்கிய பழத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டுமே அவமதிப்பு. நாம் எழுதுவோம்: "நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தோம். 4 பழங்கள் நசுங்கியிருக்கின்றன. அடியில் வைக்கோல் போதாமல் அடுக்கிவிட்டோம். மன்னியுங்கள். 4 பழங்களுக்கான பணத்தை இன்று மாலைக்குள் அனுப்புகிறோம்."

எண்ணிப் பாருங்கள். கண்டது என்ன, காரணம் என்ன, மன்னிப்பு, செய்யப்போவது என்ன, எப்போது. புகாருக்குப் பதில் எழுதும் வரிசை இதுதான். காரணம் இன்னும் தெரியவில்லை என்றால் அதை இட்டுக்கட்டக் கூடாது. "ஷெட்டில் விசாரிக்கிறோம், நாளை மதியத்துக்குள் சொல்கிறோம்" என்று எழுத வேண்டும். சொன்ன நேரத்தில் சொல்லவும் வேண்டும்.

மூன்று செய்தியிலும் தொனி மாறியது. நாங்கள், நீங்கள் மாறியதா? 'ஓம்' என்ற முடிவு மாறியதா? பேச்சுத் தமிழில் கொச்சை நீங்கிய நடை மாறியதா? எதுவும் மாறவில்லை. அதுதான் குரல்.

இனி, கொல்லங்கோட்டில் இருப்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தமிழில் எழுதுவோம், பாதிப் பேருக்கு மலையாளத்தில் எழுதுவோம். தமிழ்க் கையேட்டை அப்படியே மலையாளத்தில் பெயர்த்துவிட்டால் போதுமா? போதாது. 'நாங்கள்', 'நாம்' என்ற வேறுபாடு மலையாளத்திலும் உண்டு. 'ஞங்ஙள்', 'நம்மள்' என்று அங்கேயும் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் 'நீங்கள்' என்று நாம் மரியாதையாகச் சொல்வதை 'நிங்ஙள்' என்று அப்படியே எழுதினால், மூத்தவர் பலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். அங்கே பெயரைச் சொல்லலாம்; அல்லது 'நிங்ஙள்' வரும் இடத்தையே விட்டுவிட்டு வாக்கியத்தை அமைக்கலாம். ஆகவே மலையாளப் பக்கத்தை, மலையாளத்தில் வளர்ந்த ஒருவரை உட்கார வைத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். விதியின் நோக்கம் ஒன்றாக இருக்கட்டும். வாக்கியம் அந்தந்த மொழியின் வாக்கியமாக இருக்கட்டும்.

இவ்வளவையும் எப்படித் தொடங்குவது? கடந்த ஒரு மாதத்தில் உங்கள் கம்பெனியிலிருந்து வெளியே போன எழுத்தை எல்லாம் எடுங்கள். லேபிள், பில், வாட்ஸ்அப் செய்தி, விளம்பரம், கடை வாசலில் ஒட்டிய அறிவிப்பு. தாளில் எடுத்து ஒரே மேசையில் பரப்புங்கள். எழுதுகிற எல்லோரும் சுற்றி நில்லுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எழுதிய இடங்களுக்கெல்லாம் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் உங்கள் கையேட்டின் பொருளடக்கம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முடிவு எடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் கீழே "இப்படி எழுதாதே" என்று பழைய வாக்கியம் ஒன்று, "இப்படி எழுது" என்று புதிய வாக்கியம் ஒன்று. இரண்டும் உங்கள் பெட்டியைப் பற்றியதாகவே இருக்கட்டும். முன்பக்கம் முடிவுகள், பின்பக்கம் சொற்பட்டியல். ஒரு தாள் போதும். அதற்கு மேல் நீண்டால் ஷெட்டில் நிற்பவர் படிக்க மாட்டார்.

கையேடு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று மாதம் கழித்து, வெவ்வேறு பேர் எழுதிய பத்துச் செய்திகளை எடுங்கள். எழுதியவர் பெயரை மறையுங்கள். கம்பெனியை நன்றாக அறிந்த ஒருவரிடம் கொடுத்து, "எதை யார் எழுதியது?" என்று கேளுங்கள். அவர் சரியாகப் பிரித்துவிட்டால் கையேடு தாளில்தான் இருக்கிறது. அவர் திணறினால் கையேடு கையில் இறங்கிவிட்டது. கம்பெனி பெயரையும் மறைத்து ஒரு வாடிக்கையாளரிடம் கொடுங்கள். வேறு எந்தப் பழக்கடைக்கும் பொருந்தும் என்று அவர் சொன்னால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பழத்தின் பெயர், பறித்த நாள், பழுக்கவைத்த முறை என்று உங்களுக்கே உரிய செய்தி அதில் குறைவாக இருக்கிறது என்று பொருள்.

கையேடு எப்போது சாகும்? இரண்டு வழியில் சாகும். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாதபோது சாகும். ஆகவே முடிவு சொல்ல ஒருவரை நியமித்து, அவர் பெயரைத் தாளின் மேலேயே எழுதுங்கள். முதலாளியே அதை மீறும்போது சாகும். முதலாளி ஒரு நாள் "பொறுப்பேற்க இயலாது" என்று எழுதிவிட்டால், மறுநாள் ஷெட்டில் இருக்கும் தம்பிக்கும் கையேடு தேவைப்படாது. விதி யாரோ ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்றால் மீற வேண்டாம்; கொண்டுவந்து மேசையில் வையுங்கள், பேசி மாற்றுங்கள். மாற்றிய தேதியைத் தாளின் அடியில் எழுதுங்கள்.

அன்பர்களே, இந்தக் கையேடு எழுதுகிறவரின் கையைக் கட்டிப்போடும் என்று சிலர் அஞ்சுவார்கள். ஷெட்டில் முதல் முறையாக வாடிக்கையாளருக்கு எழுத உட்காரும் ஒரு பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். 'தாங்களா' 'நீங்களா', மன்னிப்புக் கேட்கலாமா கூடாதா, பணம் திருப்பித் தருவதாகச் சொல்லிவிடலாமா என்று அவர் ஒவ்வொரு சொல்லிலும் பயப்படுகிறார். அந்தப் பயத்தில்தான் "இயலாது" என்ற சொல் பிறக்கிறது. முடிவுகளைக் கம்பெனி முன்பே எடுத்துவைத்திருந்தால், அவருக்கு மிஞ்சுவது ஒரே வேலை: எதிரில் இருப்பவருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று சொல்வது. அந்த வேலைக்கு அவருக்கு நேரமும் தைரியமும் கொடுங்கள். வரும் வாரத்திலேயே அந்த மேசையைச் சுற்றிக் கூடுங்கள். முதல் வட்டத்தைப் போட அவரிடமே பேனாவைக் கொடுங்கள்.